பட்டம் வேறு, பதிவு வேறு

கேள்வி: ஆக்குபேஷனல் தெரபி அல்லது ஸ்பீச் தெரபி படித்துவிட்டு வேறு நாட்டுக்குப் போனால் பட்டம் செல்லுமா?

பட்டம் மட்டும் போதாது, அங்கே பதிவும் வேண்டும். பதிவு என்பது அந்தத் தொழிற்பெயரில் வேலை செய்யத் தரும் சட்ட அனுமதி. நன்றாகக் கார் ஓட்டுபவரும் புது நாட்டில் அந்நாட்டு உரிமம் வாங்குவதைப் போல.

பிரிட்டனில் இரு தொழிலுக்கும் எச்சிபிசி என்ற ஒழுங்குமுறை அமைப்பு பதிவு தருகிறது. பட்டத்தின் பெயரை அல்ல, படித்த பாடங்களையும் களப்பயிற்சியையும் தன் தகுதி வரையறையோடு ஒப்பிடுகிறது. பாடத்தில் குறை இருந்தால் வேலை அனுபவத்தைச் சான்றாகக் காட்டலாம். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு எழுதினால் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுக்கு மொத்த மதிப்பெண் 7, ஸ்பீச் தெரபிஸ்டுக்கு 8 வேண்டும். அவருக்கு மொழியே கருவி அல்லவா!

உலக ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் கூட்டமைப்பு அங்கீகரித்த படிப்பு என்றால் உரிமம் தானாக வரும் என்று பலர் நம்புகிறார்கள். அது குறைந்தது 1,000 மணி நேரக் களப்பயிற்சி உள்ள படிப்பு என்பதற்கான தரச்சான்றுதான், உரிமம் அல்ல.