பில்லுக்கு வாங்கிய நம்பருக்கு ஆஃபர் அனுப்பலாமா? வாட்ஸ்அப் வியாபாரக் கேள்வி பதில்

காவேரிப்பட்டணம் பக்கத்தில் சீசனில் மாம்பழப் பெட்டியும், மற்ற மாதங்களில் புளியும் கேழ்வரகு மாவும் வாட்ஸ்அப் பிசினஸ் வழியாக விற்று வருகிறேன். கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டத்துக் கடைக்காரர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில் இங்கே.

பர்கூர், சேலைக்கடை: அண்ணா, பிராட்காஸ்ட் லிஸ்ட்ல 256 பேரைப் போட்டு புதுச் சேலை படம் அனுப்புறேன். பாதிப் பேர் வரவே இல்லைன்னு சொல்றாங்க. போன்ல கோளாறா?

போன் நன்றாகத்தான் இருக்கிறது தங்கச்சி. பிராட்காஸ்ட் செய்தி, உங்கள் நம்பரைத் தன் போனில் சேவ் செய்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் போகும். நீங்கள் அவர் நம்பரைச் சேவ் செய்திருப்பது மட்டும் போதாது.

யாருக்குப் போகவில்லை என்று பார்ப்பது சுலபம். அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து `Info` பாருங்கள். `Delivered to` என்பதன் கீழ் வந்து சேர்ந்தவர்கள் பெயர் இருக்கும். இரண்டு நாள் கழித்தும் ஒருவர் பெயர் அதில் வரவில்லை என்றால், முன்பு உங்களிடம் ஆர்டர் கொடுத்தவராக இருந்தால், அந்த ஆர்டர் பற்றித் தனியாக ஒரு செய்தி போட்டுப் பாருங்கள். அதற்கு இரண்டு டிக் விழுந்தால் அவர் உங்களைச் சேவ் செய்யவில்லை என்று அர்த்தம். தனிச் செய்திக்கும் ஒரு டிக்கோடு நின்றால், போன் அணைந்திருக்கலாம், உங்களைப் பிளாக் செய்தும் இருக்கலாம். எது என்று ஆப் சொல்லாது.

சேலை வாங்க வரும்போதே, "எங்க நம்பரைக் கடை பேர்ல சேவ் பண்ணிக்குங்க அக்கா, புதுசு வந்தா படம் அனுப்பவா?" என்று கேட்டுவிடுங்கள். சேவ் செய்வது ஒன்று, ஆஃபர் அனுப்பச் சம்மதிப்பது வேறு ஒன்று. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டு முடிக்கலாம்.

ஊத்தங்கரை, செருப்புக்கடை: இதுக்குத்தான் குரூப் போடச் சொல்றேன். சேவ் பண்ண வேண்டியதே இல்ல, 1024 பேர் வரை சேர்க்கலாம். நான் அப்படித்தான் செய்றேன், ஒரு பிரச்சினையும் இல்ல.

எண்ணிக்கையும் சரி, எல்லாருக்கும் போய்ச் சேரும் என்பதும் சரி. ஆனால் குரூப்பில் ஒவ்வொருவர் நம்பரும் மற்ற எல்லாருக்கும் தெரியும். என் இரண்டாவது சீசனில் நானும் குரூப் போட்டேன். ஒரு வாரத்தில் ஒரு வாடிக்கையாளர் அக்கா போன் செய்து, "யாரோ ராத்திரில மெசேஜ் பண்றான், உங்க குரூப்ல இருந்து நம்பர் எடுத்தேன்னு சொல்றான்" என்றார். அவர் என்னை நம்பித் தந்த நம்பர் அது. அன்றைக்கே குரூப்பைக் கலைத்தேன். உங்களுக்கு இதுவரை பிரச்சினை வரவில்லை என்பது, யாரும் உங்களிடம் சொல்லவில்லை என்பதாகவும் இருக்கலாம் அண்ணா.

நிறையப் பேருக்குச் சொல்ல வேண்டும் என்றால் வாட்ஸ்அப் சேனல் தொடங்கி, லிங்க்கைக் கடையில் ஒட்டுங்கள். சேர்பவர் தானாகச் சேர்கிறார், வேண்டாம் என்றால் தானாக விலகுகிறார், ஒருவர் நம்பர் மற்றவருக்குத் தெரியாது. ஆர்டர் மட்டும் தனி சாட்டில் வர வேண்டும், அவ்வளவுதான்.

தர்மபுரி, பாத்திரக்கடை: பில் போடும்போது வாங்கின நம்பர் ரெண்டு நோட்டு நிறைய இருக்கு சார். அவங்களே கொடுத்தது தானே? ஆடி ஆஃபர் அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள். அவர்கள் கொடுத்தது பில்லுக்கு.

இந்தியாவில் 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே ஏறக்குறைய உங்கள் கேள்வி உதாரணமாக இருக்கிறது. ஒரு பெண் மருந்துக்கடையில் வாங்குகிறார், பணம் கட்டியதற்கு ரசீது அனுப்பச் சொல்லித் தானாகவே தன் விவரம் தருகிறார். கடைக்காரர் அதை ரசீது அனுப்பப் பயன்படுத்தலாம் என்கிறது சட்டம். ரசீதோடு அந்த அனுமதி முடிகிறது. ஆஃபருக்குத் தனியாகச் சம்மதம் வேண்டும். அவர் தெரிந்து, தானாக, தெளிவாக "சரி" சொல்ல வேண்டும். பேசாமல் இருந்தார் என்பது சம்மதம் ஆகாது. கொடுப்பது எவ்வளவு சுலபமோ அவ்வளவு சுலபமாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும். விதிகள் 2025 நவம்பரில் வந்தன, சம்மதம் பற்றிய பகுதிக்கு அதிலிருந்து 18 மாதம் அவகாசம் இருக்கிறது. அந்த அவகாசம் தீரும்வரை பழைய நோட்டை வைத்து ஆஃபர் அனுப்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள். வாட்ஸ்அப்பின் சொந்த விதியும் சம்மதம் வாங்கிவிட்டுத்தான் அனுப்பச் சொல்கிறது.

நான் செய்வதைச் சொல்கிறேன். பெட்டி கட்டும் மேசை மேல் ஒரு கியூஆர் அட்டை இருக்கிறது. அதை ஸ்கேன் செய்தால் என் சாட் திறக்கும், அடிக்க வேண்டிய வரியும் அதில் தயாராக நிற்கும். அதற்கான லிங்க் இப்படி இருக்கும், எக்ஸ் இருக்கும் இடத்தில் உங்கள் நம்பர்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=OFFER%20SARI
```

வாடிக்கையாளர் அனுப்பு என்று தட்டினால், அவரே முதலில் எனக்கு எழுதியதாகத் தேதியோடு சாட்டில் நிற்கும். எனக்கு அதுவே பதிவேடு. உடனே இந்தப் பதில் போகும்: "நன்றி. புதுச் சரக்கு வரும்போது மாதம் 2 செய்திக்கு மேல் அனுப்ப மாட்டோம். உங்கள் நம்பரை வேறு யாருக்கும் தர மாட்டோம். எப்போது வேண்டாம் என்றாலும் 'வேண்டாம்' என்று அனுப்புங்கள்." இதைக் குயிக் ரிப்ளையில் சேமித்து வைத்திருக்கிறேன். பிறகு அந்தச் சாட்டுக்கு 'ஆஃபர் சரி' என்று லேபிள். லேபிள் இல்லாத யாரும் பிராட்காஸ்டில் ஏற மாட்டார்கள்.

போன சீசனில் பெட்டி வாங்கியவர்கள் 210 பேர். அதில் அட்டையை ஸ்கேன் செய்தவர்கள் 74. பார்க்கச் சின்னக் கணக்குத்தான். ஆனால் செந்தூரா முடிந்து மல்கோவா வந்தபோது ஒரே ஒரு செய்தி போட்டேன்: "மல்கோவா, 5 கிலோ பெட்டி, வியாழன் பறிப்பு, 40 பெட்டி மட்டும்." அந்த 74 பேரில் 29 பேர் ஆர்டர் கொடுத்தார்கள். 'வேண்டாம்' என்றவர் இரண்டு பேர். அன்றைக்கே லேபிளை எடுத்து, லிஸ்டிலிருந்தும் நீக்கி, "சரிங்க, இனி வராது" என்று ஒரு வரி. ஏன் வேண்டாம் என்று கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. லேபிளை மட்டும் எடுத்தால் பழைய பிராட்காஸ்ட் லிஸ்டில் பெயர் அப்படியே இருக்கும். இரண்டு இடத்திலும் எடுக்க வேண்டும், இதில் நான் ஒருமுறை தவறியிருக்கிறேன்.

உங்கள் இரண்டு நோட்டையும் ஓரமாக வையுங்கள் சார். அந்த வாடிக்கையாளர் அடுத்த முறை குக்கர் வாங்க வரும்போது நேரில் கேளுங்கள்.

பென்னாகரம், வீட்டிலேயே பலகாரம் செய்பவர்: கேட்டலாக்ல தினை முறுக்கு, கம்பு லட்டு எல்லாம் போட்டிருக்கேன். கார்ட் அனுப்புறாங்க, நான் செஞ்சு வைக்கிறேன், ஆள் வர்றதே இல்ல. ஏமாத்துறாங்களா அண்ணா?

ஏமாற்றுவதாக எனக்குத் தோன்றவில்லை அக்கா. கார்ட் வந்தால் ஆர்டர் முடிந்துவிட்டது என்று நீங்கள் நினைக்கிறீர்கள், விலை விசாரித்தோம் என்று அவர்கள் நினைக்கிறார்கள். கார்ட்டில் பொருளும் எண்ணிக்கையும் கணக்குப் போட்ட விலையும் வரும், அவ்வளவுதான். அதோடு பணம் வராது, என்றைக்கு வேண்டும் என்பதும் வராது.

கார்ட் வந்ததும் எண்ணெய்ச் சட்டியை வைக்காதீர்கள். முதலில் நீங்கள் கையால் எழுதுங்கள்: "தினை முறுக்கு 1 கிலோ, கம்பு லட்டு அரை கிலோ, மொத்தம் இவ்வளவு. சனி மாலை 5 மணிக்குப் பேருந்து நிலையம் அருகே. பாதிப் பணம் முன்கூட்டியே. சரியா?" அவர் 'சரி' என்று எழுதி, பணம் உங்கள் வங்கிக் கணக்கில் வந்துவிட்டதா என்று நீங்களே பார்த்த பிறகு அடுப்பைப் பற்ற வையுங்கள். அவர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிச் செய்யாதீர்கள்.

கேட்டலாக்கில் விலையை எழுதியே தீர வேண்டும் என்பதில்லை. மாம்பழ விலை நாளுக்கு நாள் மாறுவதால் நான் அந்த இடத்தைக் காலியாக விட்டு, பெட்டியின் எடையை மட்டும் எழுதுகிறேன். முறுக்கு விலை அப்படி மாறாது, உங்கள் கேட்டலாக்கில் எழுதிவிடுங்கள். இல்லையென்றால் நாள் முழுக்க "எவ்வளவு?" என்றே வந்துகொண்டிருக்கும். தீர்ந்துபோன பொருளை அழிக்காமல் மறைத்து வையுங்கள், அடுத்த வாரம் திரும்பக் காட்டலாம்.

அரூர்: ஆடும் நாட்டுக்கோழியும் கேட்டலாக்ல போட்டேன், ஏத்துக்கல. படம் தெளிவா இல்லையோ? எந்தக் கேமரா நல்லது?

கேமராவில் ஒன்றும் இல்லை தம்பி. உயிருள்ள விலங்கு விற்பதை வாட்ஸ்அப்பின் வணிக விதி அனுமதிப்பதில்லை, ஆடு கோழியும் அதில் சேரும். மறுபடி மறுபடி போட்டால் கணக்குக்கே ஆபத்து. சந்தையில் நேரில் விற்பதுதான் வழி.

ஓசூர், ரோஜா நாற்று: ஒரே நேரத்துல 5000 பேருக்கு அனுப்புற சாஃப்ட்வேர் ஒருத்தர் வித்தார். ரெண்டாம் நாளே நம்பர் முடங்கிடுச்சு. திரும்பக் கிடைக்குமா?

ஆப்பிலேயே மறுபரிசீலனை கேட்கும் வசதி வரும், கேட்டுப் பாருங்கள். கிடைக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. முன்பின் தெரியாத நம்பரிலிருந்து செய்தி வந்தால் ஜனங்கள் பிளாக் செய்கிறார்கள், புகார் கொடுக்கிறார்கள். அது கூடினால் கணக்கு முடங்கும். தானாக அனுப்பும் வெளி சாஃப்ட்வேரே விதிக்கு எதிரானது. உண்மையிலேயே ஆயிரக்கணக்கில் சம்மதித்த வாடிக்கையாளர் இருந்தால் பெரிய அளவில் அனுப்புவதற்கென்றே வாட்ஸ்அப் தரும் ஏபிஐ வழி இருக்கிறது. அதில் செய்தியின் மாதிரியை முன்கூட்டியே ஒப்புதலுக்கு வைக்க வேண்டும், விளம்பரச் செய்திக்குக் கட்டணமும் உண்டு, அங்கேயும் சம்மதம் கட்டாயம். விலைக்கு வாங்கிய நம்பர் பட்டியலுக்கு எங்கும் இடமில்லை.

பாலக்கோடு, மளிகை: எங்க பக்கம் வீட்டுக்கு ஒரு போன்தான் அண்ணா. வாங்குறது அம்மா, நம்பர் பெங்களூர்ல வேலை செய்யற மகனோடது. அம்மா சரின்னு சொன்னா போதுமா?

இதற்கு என்னிடமும் முழுப் பதில் இல்லை. நம்பர் மகனுடையது, செய்தி போய் நிற்பதும் அவர் போனில்தான். அதனால் அம்மா சொன்னாலும் மகன் ஒருமுறை 'சரி' என்று அனுப்பும்வரை நான் லேபிள் போடுவதில்லை. ஆனால் ஒரே போனை அம்மாவும் மருமகளும் மாற்றி மாற்றி வைத்திருக்கும் வீடும் இருக்கிறது. ஒருவர் சரி என்பார், இன்னொருவர் பார்த்து எரிச்சல்படுவார். அப்படிப்பட்ட நாலு வீடு என் பட்டியலில் உண்டு. இப்போதைக்கு அவர்களுக்கு எதையும் அனுப்பாமல், பழம் வந்த அன்றைக்கு நேரில் பார்க்கும்போது சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது இதை நன்றாகச் சமாளித்திருந்தால் எழுதுங்கள், நானும் தெரிந்துகொள்கிறேன்.