மிக்சர் பாக்கெட்டின் பின்பக்கம்

கேள்வி: அப்பாவுக்கு பிபி. மிக்சர் பாக்கெட்டில் சோடியம் 12% என்று போட்டிருக்கிறது, குறைவுதானே? செர்விங் சைஸ், சர்க்கரை எல்லாம் எப்படிப் பார்ப்பது?

அந்த 12% பாக்கெட் முழுவதற்கும் இல்லை, ஒரு செர்விங்குக்கு. அது எத்தனை கிராம் என்பதைத் தயாரிப்பவரே முடிவு செய்கிறார்.

தண்டையார்பேட்டையில் எங்கள் மளிகைக் கடையில் அதிகம் போகும் 150 கிராம் மிக்சரையே எடுத்துக்கொள்வோம். 100 கிராமில் சோடியம் 800 மில்லிகிராம், செர்விங் 30 கிராம் என்று இருந்தால், ஒரு செர்விங்குக்கு 240 மில்லிகிராம். லேபிள் சதவீதத்துக்கு அடிப்படை ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராம் என்பதால் 12% வருகிறது. 30 கிராம் என்றால் உள்ளங்கை நிறைய ஒரு பிடி, அவ்வளவுதான். டிவி முன்னால் உட்கார்ந்து பாக்கெட்டைக் காலி செய்தால் ஐந்து செர்விங். 1200 மில்லிகிராம், அதாவது 60%. சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் எடை வரும்: 3 கிராம். மீதி நாளெல்லாம் குழம்பு, ரசம், ஊறுகாய் இருக்கிறதே!

இன்னொன்று, அந்த 2000 என்பது எட்ட வேண்டிய அளவு இல்லை, தாண்டக் கூடாத அளவு. அப்பாவுக்கு டாக்டர் அதற்கும் குறைவாகச் சொல்லியிருந்தால் லேபிளின் சதவீதத்தை விட்டுவிட்டு மில்லிகிராமை மட்டும் பாருங்கள். நாக்கையும் நம்ப வேண்டாம். பிஸ்கட்டிலும் பிரெட்டிலும் கரிப்பே தெரியாது. ஆனால் இரண்டிலும் உப்பு இருக்கும், பிஸ்கட்டில் சமையல் சோடாவும் சேர்ந்து சோடியத்தைக் கூட்டும்.

இரண்டு பிராண்டை ஒப்பிட வேண்டுமா? செர்விங் பக்கமே போகாதீர்கள். ஒன்றில் 20 கிராம், இன்னொன்றில் 30 கிராம் என்று இருக்கும். 100 கிராம் கணக்கு இரண்டுக்கும் பொது.

சரி, சர்க்கரை. இதில் இரண்டு வரி இருக்கும்: டோட்டல் சுகர்ஸ், அதற்குக் கீழே ஆடட் சுகர்ஸ். 200 மில்லி இனிப்பு லஸ்ஸியில் மொத்தம் 24 கிராம், சேர்த்தது 16 கிராம் என்றால், மீதி 8 கிராம் பாலிலேயே இருப்பது. சேர்த்த சர்க்கரைக்கு லேபிள் வைத்திருக்கும் நாள் அளவு 50 கிராம், எனவே இது 32%. கடைக்கு வருகிற அக்கா ஒருவர், "சர்க்கரை சேர்க்கலன்னு போட்டிருக்குப்பா, சுகர் இருக்குறவங்க குடிக்கலாம்ல?" என்று ஜூஸ் பாட்டிலைக் காட்டுவார். சேர்த்த சர்க்கரை பூஜ்யம்தான். ஆனால் பழத்தின் சர்க்கரை மட்டுமே 100 மில்லிக்கு 10 கிராம் அளவுக்கு வரலாம், ரத்தத்தில் அதுவும் ஏறும். சுகர் உள்ளவர்கள் மொத்த சர்க்கரையையும் அதற்கு மேலே உள்ள கார்போஹைட்ரேட் வரியையும் பார்க்க வேண்டும். மால்டோடெக்ஸ்ட்ரின் போன்ற மாவுப் பொருள்கள் பெரும்பாலும் சர்க்கரை வரியில் தெரியாமல் கார்போஹைட்ரேட்டில்தான் வரும்.