கையெழுத்தான ஒப்பந்தத்தை ஆபரேஷன்ஸ் டீமிடம் ஒப்படைக்கும் மெமோ

கேள்வி: விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். 40 இயந்திரங்களுக்கு ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. டெலிவரி விஷயங்களைச் சுருக்கி ஆபரேஷன்ஸ் டீமுக்கு மெமோ கொடுக்கச் சொல்கிறார்கள். ஒப்பந்தம் 30 பக்கம். எதை எழுதுவது, எதை விடுவது?

பதில்: விலைப் பேச்சு, ரகசியக் காப்பு, எந்த நீதிமன்றம் என்பதையெல்லாம் விட்டுவிடுங்கள். சரக்கைச் செய்து, ஏற்றி, கொண்டுபோய்ச் சேர்ப்பவர் என்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் போதும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஷரத்து எண்ணைப் போடுங்கள், சந்தேகம் வந்தால் அவர்கள் மூலத்தைத் திறந்து பார்க்க வேண்டுமே.

முதலில் தேதி. பெரும்பாலான சண்டை இங்கேதான் தொடங்குகிறது. "8 வாரத்தில் டெலிவரி" என்று மட்டும் மெமோவில் எழுதினால் அது ஆபத்து, ஏனென்றால் எந்த நாளிலிருந்து 8 வாரம் என்பது அதில் இல்லை. கையெழுத்தான நாளா, அட்வான்ஸ் வந்த நாளா, வாங்குபவர் வரைபடத்தை ஒப்புக்கொண்ட நாளா? உங்கள் ஒப்பந்தம் "அட்வான்ஸ், வரைபட ஒப்புதல், இரண்டில் பிந்தியது" என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். கையெழுத்து மார்ச் 3, அட்வான்ஸ் மார்ச் 10, ஒப்புதல் மார்ச் 24. அப்படியானால் கடைசி நாள் மே 19. கையெழுத்திலிருந்து எண்ணியவர் ஏப்ரல் 28 என்று நினைத்து வீணாக ஓவர்டைம் போடுவார். ஒப்புதல் இன்னும் வரவில்லை என்றால் தேதி போடாமல் "ஒப்புதல் வந்த நாளிலிருந்து 56 நாள்" என்று எழுதி, வந்ததும் மெமோவைத் திருத்தி அனுப்புங்கள்.

அடுத்து, அந்த மே 19 எந்த இடத்துக்கு? லாரி நம் வாசலை விட்டுக் கிளம்பினாலே டெலிவரி ஆகிவிட்டது என்பது ஒரு வகை ஒப்பந்தம், வாங்குபவரின் இடத்தில் போய் நின்றால்தான் டெலிவரி என்பது இன்னொரு வகை. விற்பவர், வாங்குபவர் பொறுப்புகளைப் பிரித்துச் சொல்லும் சர்வதேச வணிக விதிகளான இன்கோடெர்ம்ஸ் 2020-இன்படி டி.ஏ.பி. என்று இருந்தால், குறிப்பிட்ட இடம் வரை கொண்டுபோவது நம் பொறுப்பு, இறக்குவது அவர் பொறுப்பு. டி.பி.யு. என்றால் இறக்குவதும் நம் தலையில்தான். மெமோவில் மூன்றெழுத்தை மட்டும் எழுதி விடாதீர்கள், "கிரேன் யார் கொண்டுவர வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பிறகு பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்: பயணம் 5 நாள் என்றால் லாரி மே 14-க்குள் கிளம்ப வேண்டும். வருவதற்கு 10 நாள் முன்னால் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற ஷரத்து இருந்தால் மே 19-இல் சேர்க்கும் சரக்குக்குக் கடிதம் மே 9-க்குள் போயாக வேண்டும், அதை யார் அனுப்புவது என்று பெயரோடு போடுங்கள். இந்தக் கடிதம்தான் வழக்கமாக மறந்துபோகிறது. அது போகாததால் வாங்குபவர் சரக்கை வாசலிலேயே நிறுத்தினால் தப்பு நம் மேல்தான் விழும்.

தாமதத் தொகையை அப்படியே வார்த்தை மாறாமல் நகலெடுங்கள். "வாரத்துக்கு அரை சதவீதம்" என்பதும் "வாரம் அல்லது அதன் பகுதிக்கு அரை சதவீதம்" என்பதும் ஒன்றல்ல. இரண்டாவதில் ஒரு நாள் தாமதமும் ஒரு வாரம்தான். அப்புறம், எதன் மேல் சதவீதம்? 36 போய் 4 மட்டும் தாமதமானால், தாமதமான பொருளின் மதிப்பில் கணக்கிடுவதற்கும் மொத்த ஒப்பந்த மதிப்பில் கணக்கிடுவதற்கும் பத்து மடங்கு வித்தியாசம். பகுதி பகுதியாக அனுப்ப அனுமதி உண்டா என்பதையும் இங்கேயே சொல்லிவிடுங்கள். அனுமதி இல்லையென்றால் தயாரான 36-ஐ முன்கூட்டி அனுப்பித் தப்பிக்கலாம் என்று ஆபரேஷன்ஸ் திட்டம் போட முடியாது.

டெலிவரி முடிந்ததற்கு எது ஆதாரம் என்பது சின்ன விஷயம்போலத் தெரியும், ஆனால் பணம் அதை நம்பித்தான் வருகிறது. வெறும் கையெழுத்து போதுமா, சோதனைச் சான்றிதழும் பேக்கிங் லிஸ்ட்டும் கூடவே போக வேண்டுமா, கையெழுத்துப் போட உரிமை யாருக்கு, இதை ஒரே பத்தியில் எழுதிவிடலாம்.

நீங்கள் பேச்சுவார்த்தையில் வாயால் சொன்னவற்றை, "பொருத்தும்போது ஒருவரை அனுப்புகிறோம்" மாதிரி, ஒளிக்காதீர்கள். ஒப்பந்தத்தில் இல்லை என்று குறித்து, தனியாக எழுதுங்கள். வாங்குபவர் அதை எதிர்பார்த்திருப்பார். செய்வதா வேண்டாமா என்பதை மேலாளர் முடிவு செய்யட்டும். மெமோவுக்கும் ஒப்பந்தத்துக்கும் முரண் வந்தால் ஒப்பந்தமே செல்லும் என்று மேலேயே ஒரு வரி போடுங்கள்.

அனுப்பியதோடு விடாமல், எது முடியாது என்று ஒரு வாரத்துக்குள் எழுதித் தரச் சொல்லி ஆபரேஷன்ஸிடம் கேளுங்கள். மே 14-க்கு லாரி கிளம்ப வழியில்லை என்பது ஏப்ரல் தொடக்கத்திலேயே தெரிந்தால், வாங்குபவரிடம் எழுத்தில் தேதி மாற்றம் கேட்க உங்களுக்கு நேரம் இருக்கும்.