தாத்தாவின் சட்டைப்பை

வணக்கம் ஐயா. என் தாத்தாவுக்கு 81 வயது. போன மாதம் அவரைப் பழைய தோட்டத்துக்குக் கூட்டிப்போய், லயம் இருந்த திடலில் நிற்க வைத்து வீடியோ எடுத்தேன். பின்னால் செம்பனை வரிசை முழுதும் தெரிய வேண்டும் என்று பத்து அடி தள்ளி நின்றேன். அங்கே கேட்டபோது நன்றாகத்தான் இருந்தது. வீட்டில் டிவியில் போட்டால் புயல் அடித்த மாதிரி இரைச்சல், தாத்தா பேசுவது பாதி புரியவில்லை. தம்பி அவர் பக்கத்தில் குந்திக்கொண்டு சும்மா எடுத்தான். அவன் போன் 600 வெள்ளிதான், என்னுடையது அதைப்போல ஆறு மடங்கு விலை. ஆனால் அவனுடையதில்தான் தெளிவாக இருக்கிறது. ஏன் சில போன்களில் மட்டும் பேச்சு சுத்தமாக விழுகிறது? எந்தப் போன் வாங்கலாம்? 4கே-யில் எடுத்ததால் இப்படி ஆகுமா? இரைச்சலை நீக்க ஆப் ஏதாவது உண்டா?

க., சுங்கை சிப்புட்

அன்புள்ள க.,

4கே-வுக்கும் ஒலிக்கும் சம்பந்தமில்லை, அதை விடுங்கள். ஆப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தப் ‘பத்து அடி’தான். சில வாரங்களாக நானும் இப்படிப்பட்ட ஒரு வீடியோவைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

என் அம்மா பதினான்கு வயதில் பால்மரம் வெட்டப் போனவர். எங்கள் லயத்தை இடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் அவரைக் கூட்டிப்போய்க் கோயில் திண்ணையில் உட்கார வைத்தேன். கோபுரம் முழுசாகப் படத்தில் விழ வேண்டுமே என்று கால்வாய் வரைக்கும் பின்னால் நகர்ந்து நின்றேன். பெரட்டுக்களத்தில் விடியற்காலையில் பேர் கூப்பிடுவது, மழை வந்தால் மங்கில் பால் வீணாகிப் போவது, என் அக்காவைத் தூளியில் போட்டுவிட்டு வேலைக்குப் போனது என்று நாற்பது நிமிடம் பேசினார். அங்கேயே போன் ஸ்பீக்கரில் கேட்டேன். தெளிவாக இருந்தது. வீட்டுக்கு வந்து ஹெட்போன் மாட்டிக் கேட்டால் குண்டு வெடிப்பது போல ஒரே அடி. அடுத்த ஆண்டு அம்மா இறந்துவிட்டார்.

உங்களுக்கும் ஸ்பீக்கர்தான் பொய் சொல்லியிருக்கிறது. போனின் சின்ன ஸ்பீக்கரால் ஆழமான ஒலியை எழுப்ப முடியாது. காற்று இரைச்சலோ பெரும்பாலும் அந்த ஆழத்தில்தான் இருக்கிறது. அதனால் திடலில் அது காதில் விழாது, டிவி ஸ்பீக்கரில் கிளம்பும். எடுத்த இடத்திலேயே ஹெட்போன் போட்டு ஒரு நிமிடம் கேட்டால் தெரிந்துவிடும். எனக்கு அன்று தெரியாது. உங்களுக்கு இனிமேல் தெரியும்.

இன்னொன்று. நாம் கேட்கும் அந்த இரைச்சல் காற்றின் சத்தமே அல்ல. செம்பனை ஓலை சலசலப்பது காற்றின் சத்தம், அது வீடியோவில் அழகாகவே விழும். ‘தப்தப்’ என்று அடிப்பது, மைக் துளையில் காற்று நேராக மோதி, அங்கேயே சுழன்று, உள்ளே இருக்கும் மெல்லிய தகட்டைத் தள்ளுவது. மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காற்று ஒன்றின்மேல் நேராக மோதினால் சுமார் 15 பாஸ்கல் அழுத்தம் தரும். ஒரு மீட்டர் தள்ளி நின்று சாதாரணமாகப் பேசுபவரின் குரல் தருவது 0.02 பாஸ்கல் அளவுதான். காற்றின் அழுத்தத்தில் நூறில் ஒரு பங்கு நடுங்கினாலே குரலைப்போல ஏழு மடங்கு ஆகிவிடுகிறது. காற்று இரட்டிப்பு வேகத்தில் வந்தால் அந்த அழுத்தம் நான்கு மடங்காகும்.

இரைச்சல் மைக்கின் வாசலிலேயே பிறக்கிறது. ஆகவே தாத்தா பத்து அடியில் நின்றாலும் ஓரடியில் நின்றாலும் அது மாறாது. மாறுவது குரல் மட்டும். திறந்த வெளியில் தூரத்தைப் பாதியாக்கினால் மைக்குக்கு வரும் குரல் இரண்டு மடங்காகும். பத்து அடியை ஐந்தாக்குங்கள், இரண்டு மடங்கு. ஐந்தை இரண்டரையாக்குங்கள், நான்கு மடங்கு. உங்கள் தம்பி குந்தியிருந்தது ஏறக்குறைய அந்த இடத்தில்தான். அவன் போன் ஜெயிக்கவில்லை, அவன் கிட்டப் போனான், அவ்வளவுதான். இன்னும் இரண்டு தடவை பாதியாக்கினால் ஒரு சாணுக்கும் கொஞ்சம் குறைவான தூரம் வரும். அங்கே குரல் பதினாறு மடங்கு, காற்றோ அதே காற்று. ஆறு மடங்கு விலை கொடுத்தாலும் எந்தப் போனும் இந்தப் பதினாறைத் தராது.

என் அம்மாவின் வீடியோவில் ஒரே ஒரு வரி பளிச்சென்று கேட்கிறது. நடுவில் எழுந்து என்னிடம் வந்து, போனுக்குப் பக்கத்தில் நின்று, “பசியாறிட்டு வந்தியா இல்லையா?” என்று கேட்டார். அப்போதும் காற்று அடித்துக்கொண்டுதான் இருந்தது. அம்மா கிட்ட வந்தார், கேட்டது. நான் கிட்டப் போகவில்லை. அதனால்தான் உங்களிடம் கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன். 81 வயதுக்காரரைத் திடலில் நிறுத்திவிட்டு, மரம் அழகாகத் தெரிய வேண்டும் என்று பத்து அடி தள்ளிப் போனது தப்பு. செம்பனை நாளைக்கும் அங்கேயே இருக்கும். அவர் முகத்துக்கும் குரலுக்கும்தானே போனீர்கள்?

சரி, போனுக்குப் போன் வித்தியாசமே இல்லையா என்றால், உண்டு. இன்றைய போன்கள் பலவற்றில் இரண்டு மூன்று மைக் இருக்கிறது. சார்ஜர் சொருகும் இடத்துக்குப் பக்கத்தில் ஒன்று, மேலே காது வைக்கும் பக்கம் ஒன்று, பின்னால் கேமரா கண்ணாடியின் அருகில் ஒன்று. குரல் எல்லாத் துளைக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி வந்து சேரும். காற்றுச் சுழல் அப்படி வராது, இந்தத் துளையில் ஒரு மாதிரி, நான்கு விரல் தள்ளி வேறு மாதிரி. இரண்டையும் ஒப்பிட்டு, ஒத்துப்போவதைக் குரல் என்று வைத்துக்கொண்டு, அமைதியாக இருக்கும் துளைக்கு மாறிக்கொள்ளும் போன்தான் சுத்தமாகப் பதிகிறது. துளைக்கு உள்ளே இருக்கும் வலை, பெரிய அழுத்தம் வந்தால் தகடு எவ்வளவு தாங்கும் என்பதெல்லாம் அப்புறம். ஆனால் போனைக் குறுக்காகப் பிடிக்கும்போது உங்கள் விரல் ஒரு துளையையும், தடித்த உறை இன்னொன்றையும் மூடினால் ஒப்பிட ஒன்றும் மிஞ்சாது. உறையைக் கழற்றிவிட்டு ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். துளையில் தூசி என்று சிம் ஊசியை விட்டுக் குத்தாதீர்கள், உள்ளே இருப்பது தகடு, கிழிந்தால் போனது போனதுதான். காற்றை ரொம்பக் கழிக்கும் போன்களில் வேறொரு நஷ்டம் உண்டு. குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல மெலியும். வயதானவர்கள் வாக்கிய முடிவைத் தணித்துப் பேசுவார்கள், அதையும் சேர்த்து விழுங்கிவிடும்.

ஆகவே புதுப்போன் வேண்டாம், உங்கள் வீட்டில் இருக்கும் இரண்டு போன் போதும். உங்களுடையது படத்துக்கு, தம்பியுடையது ஒலிக்கு. தம்பி போனில் வாய்ஸ் ரெக்கார்டரை ஓடவிட்டு, தாத்தாவின் சட்டைப்பையில் தலைகீழாக வையுங்கள். ரெக்கார்டர் பெரும்பாலும் சார்ஜர் பக்கத்து மைக்கைத்தான் எடுக்கும், அது மேலே, வாயைப் பார்த்து இருக்க வேண்டும். நான் சொன்ன அந்த ஒரு சாண் தூரம் பையிலேயே கிடைத்துவிடுகிறது. பைத்துணியும் காற்றைக் கொஞ்சம் உடைக்கும். பருத்திச் சட்டை நல்லது, வழவழப்பான துணி உரசி உரசிச் சத்தம் போடும். நடுவில் அழைப்பு வராமல் ஃப்ளைட் மோடில் போடுங்கள். பிறகு கேமராவுக்கு முன்னால் ஒரு தடவை பலமாகக் கை தட்டச் சொல்லுங்கள். இரண்டு பதிவிலும் அந்தத் தட்டல் கூர்மையான முள்ளாகத் தெரியும், எடிட் செய்யும்போது இரண்டு முள்ளையும் நேராக வைத்தால் வாயும் குரலும் பொருந்தும். முடிக்கும்போதும் ஒரு தட்டல் வேண்டும். நீண்ட பதிவில் இரண்டு போனும் மெல்ல விலகும், எவ்வளவு என்று அதில் தெரியும்.

காற்றுத் திசையில் மட்டும் ஒரு கவனம். மைக் தாத்தாவின் நெஞ்சில் இருந்தால் அவர் காற்றுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும், அவர் உடம்பே மறைப்பு. ஒரே போனில் படமும் ஒலியும் எடுப்பதானால் முதுகு காட்ட வேண்டியவர் நீங்கள், போன் உங்கள் நெஞ்சின் மறைவில் இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் பழைய கதைதான். திசை பார்க்க லாலான் புல்லைக் கிள்ளி நெஞ்சு உயரத்திலிருந்து விடுங்கள். உச்சி ஓலை ஒரு பக்கம் ஆடும், கீழே காற்று வேறு பக்கம் போகும். திடலின் நடுவை விட்டு மரவரிசைக்குள் நாலு எட்டு போனாலே பாதி அடங்கிவிடும். காலை ஏழரைக்குப் போங்கள், வெயில் ஏறினால்தான் காற்றும் ஏறும்.

ஆப் கேட்டீர்கள். இருக்கும் பதிவை ‘Audacity’-யில் திறந்து அலையைப் பாருங்கள். மேலும் கீழும் கத்தியால் சீவியது போலத் தட்டையாக இருந்தால் அந்த இடத்தில் குரல் பதியவே இல்லை, எந்த ஆப்பும் அதைக் கொண்டுவராது. தட்டை இல்லாத இடங்களில் ‘High-Pass Filter’-ஐ 100 ஹெர்ட்ஸில் வையுங்கள். இரைச்சலின் அடி வயிறு போகும். குரலும் கொஞ்சம் மெலியும், ஆனால் சொல் புரிவதற்கு வேண்டிய மெய்யொலிகள் அதற்கு ரொம்ப மேலே இருக்கின்றன. அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள். தம்பி எடுத்ததையும் இரண்டு இடத்தில் காப்பி எடுத்து வையுங்கள்.

இந்த மாதமே மறுபடி கூட்டிப்போங்கள். தாத்தா குனிந்து மரத்தையோ மண்ணையோ காட்டுவார், அப்போது போன் பையிலிருந்து நழுவும். பையின் வாய் ஓரத்தில் ஒரு ஊக்கு குத்திவிடுங்கள், மைக் துளைக்கு முன்னால் துணி மடிந்து விழாமல்.