மனைவி பெயரில் டெபாசிட்: வட்டிக்கு வரி யார் கட்டுவது?

கேள்வி: ஐயா, எனக்கு ஆண்டுச் சம்பளம் 28 லட்சம். புதிய வரி முறையில் இருக்கிறேன். என் மனைவிக்குத் தனி வருமானம் கிடையாது. 2025 ஏப்ரல் தொடக்கத்தில் என் சேமிப்பிலிருந்து 20 லட்சத்தை அவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தேன். அவர் அதை வங்கியில் 7% வட்டிக்கு டெபாசிட் செய்திருக்கிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் வட்டியைச் செலவு செய்யாமல் சேர்த்து வருகிறார். 12 லட்சம் வரை வரி இல்லை என்பதால், வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று வங்கியில் 15ஜி படிவமும் கொடுத்துவிட்டார். மனைவிக்குக் கொடுக்கும் அன்பளிப்புக்கு வரி இல்லை என்கிறார்கள். நான் இதில் ஏதாவது கவனிக்க வேண்டுமா?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: நீங்கள் கேள்விப்பட்டது பாதி சரி. கணவன் மனைவிக்குக் கொடுக்கும் அன்பளிப்புக்கு, தொகை எவ்வளவாக இருந்தாலும், வாங்குபவர் வரி கட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பணம் ஈட்டும் வட்டிக்குத் தனி விதி இருக்கிறது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 64-வது பிரிவின்படி, ஈடாக எதுவும் பெறாமல் மனைவிக்குக் கொடுத்த சொத்திலிருந்து வரும் வருமானம் கணவரின் வருமானத்தோடு சேர்க்கப்படும். கிளப்பிங் என்று ஆடிட்டர்கள் சொல்வது இதைத்தான். பணம் இப்போது உங்கள் மனைவியுடையதுதான், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. வட்டிக்கான வரி மட்டும் உங்களுடையது. 2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் 2025ஆம் ஆண்டுப் புதிய சட்டத்திலும் இந்த விதி அப்படியே தொடர்கிறது.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 20 லட்சத்துக்கு 7% என்றால் ஆண்டுக்கு 1,40,000 ரூபாய் வட்டி. உங்கள் சம்பளத்தில் 75,000 ரூபாய் நிலைக் கழிவு போனாலும் 27 லட்சத்துக்கு மேல் நிற்கிறது. ஆகவே இந்த வட்டி முழுவதும் 30% அடுக்கில் விழும். 4% செஸ்ஸையும் சேர்த்தால் வரி 43,680 ரூபாய். இதே வட்டி மனைவியின் வருமானமாக இருந்திருந்தால் வரியே வந்திருக்காது. இந்த இடைவெளி இருப்பதால்தான் சட்டத்தில் இப்படி ஒரு பிரிவை வைத்திருக்கிறார்கள்.

எனக்குக் கவலை தருவது 15ஜி படிவம். மொத்த வருமானத்துக்கு வரி வராது என்று சொல்வதோடு அந்தப் படிவம் நிற்பதில்லை. அதன் உறுதிமொழியில், இந்த வருமானம் 60 முதல் 64 வரையிலான பிரிவுகளின்படி வேறு யாருடைய வருமானத்திலும் சேர்க்கத்தக்கது அல்ல என்று ஒரு வரி இருக்கிறது. வங்கியில் நீட்டும் இடத்தில் கையெழுத்துப் போடுகிற பலர் அதைப் படிப்பதில்லை. உங்கள் மனைவியின் வட்டி 64-வது பிரிவில் வருவதால், அவர் இந்த டெபாசிட்டுக்கு 15ஜி கொடுத்திருக்கக் கூடாது. தவறான உறுதிமொழிக்கு வழக்குத் தொடரவே சட்டத்தில் இடம் உண்டு. தெரியாமல் செய்ததுதான். ஆனால் தெரிந்த பிறகும், 2026 ஏப்ரல் முதல் 15ஜிக்குப் பதிலாக வந்திருக்கும் 121-ஆம் படிவத்தில் இந்த ஆண்டு அதே உறுதிமொழியைத் தர விடாதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால், அதைத் திரும்பப் பெறுவதாக வங்கிக்கு எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

இது யாருக்குத் தெரியப்போகிறது என்று சிலர் நினைப்பதுண்டு. ஒரு நிதியாண்டில் ஒருவர் 10 லட்சம் அல்லது அதற்கு மேல் புதிதாக டெபாசிட் செய்தால், வங்கி அதை வருமான வரித் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். ஆகவே 20 லட்சமும் அதற்கான வட்டியும் உங்கள் மனைவியின் பான் எண்ணில், ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையில் ஏறியிருக்கும். வருமானமே இல்லாதவருக்கு இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்டால், கணவர் கொடுத்தார் என்பதே பதில். அந்தப் பதிலைச் சொன்ன உடனே கிளப்பிங்கும் கூடவே வந்துவிடும்.

2025-26 நிதியாண்டுக்கு உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. 2026 ஜூலை 31-க்குள் நீங்கள் ITR-2 படிவத்தில் கணக்குத் தாக்கல் செய்யுங்கள். அதில் Schedule SPI என்ற பகுதி இதற்கென்றே இருக்கிறது. மனைவியின் பெயர், பான், உறவு, தொகை ஆகியவற்றை அங்கே எழுதி, அதே 1,40,000 ரூபாயைப் பிற வருமானத்தில் கொண்டுவர வேண்டும். 15ஜி கொடுத்ததால், வட்டியிலேயே வரியைப் பிடிக்கும் டிடிஎஸ்ஸை வங்கி பிடித்திருக்காது. எனவே 43,680 ரூபாயையும் நீங்களே கட்ட வேண்டும். முன்கூட்டி வரி கட்டாததற்காக மாதம் 1% கணக்கில் கொஞ்சம் வட்டியும் சேரும். மனைவியின் ஏஐஎஸ் பக்கத்தில் அந்த வட்டிக்கு எதிரே Information relates to other PAN/Year என்ற விருப்பத்தைத் தேர்ந்தெடுத்து உங்கள் பானைக் குறிப்பிடச் சொல்லுங்கள். பிறகு கேள்வி வந்தாலும் இரண்டு பக்கமும் ஒத்துப்போகும்.

இந்த ஆண்டு முதல் வங்கி 10% டிடிஎஸ் பிடிக்கும். மூத்த குடிமக்கள் அல்லாதவர்களுக்கு ஒரு வங்கியில் ஆண்டு வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால் பிடிப்பார்கள். உங்கள் மனைவி விஷயத்தில் அது 14,000 ரூபாய். அது அவருடைய பானில் வரவாகும், வரியோ உங்கள் தலையில். இங்கேதான் பலர் குழம்பிப் போகிறார்கள். வட்டியைக் கணவர் காட்டிவிட்டு, டிடிஎஸ்ஸை மனைவி தனியாகக் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கினால் கணக்கு முறியும். வருமானம் யாருக்கோ அவருக்குத்தான் டிடிஎஸ் வரவும். ஆண்டுத் தொடக்கத்திலேயே மனைவி வங்கிக்கு ஒரு கடிதம் கொடுத்து, இந்த வட்டி கணவரின் வருமானத்தில் சேர்க்கப்படுவதால் டிடிஎஸ்ஸை அவர் பானில் காட்டுங்கள் என்று உங்கள் பெயர், முகவரி, பான், காரணத்தோடு அறிவிக்கலாம். விதிகளில் அதற்கு இடம் உண்டு. கிளையில் இருப்பவருக்கு இது பழக்கமில்லாமல் இருக்கலாம். கடிதத்தின் நகலில் முத்திரை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். மீதி வரிக்கு, இந்த வட்டியை அலுவலகத்தில் தெரிவித்தால் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். அட்வான்ஸ் வரித் தவணைகளை நினைவு வைத்துக்கொள்ளும் வேலை மிச்சம்.

இனி உங்களுக்கு உண்மையிலேயே பயன் தரும் பகுதிக்கு வருகிறேன். நீங்கள் கொடுத்தது 20 லட்சம். அதன் வட்டி உங்கள் வருமானத்தில் சேரும். ஆனால் அந்த வட்டியை மனைவி மறுபடி முதலீடு செய்து அதிலிருந்து வட்டி வந்தால், அந்த இரண்டாவது வட்டி உங்களிடம் வராது. அது அவருடைய சொந்த வருமானம். நீங்கள் கொடுத்த சொத்து 20 லட்சம்தான், வட்டிப் பணத்தை நீங்கள் கொடுக்கவில்லை என்பதே அடிப்படை.

முதல் ஆண்டு வட்டியான 1,40,000 ரூபாயை அவர் ஆண்டு முடிவில் தனி டெபாசிட்டாக அதே 7%-க்குப் போடுகிறார் என்று வையுங்கள். இரண்டாம் ஆண்டில் அது 9,800 ரூபாய் ஈட்டும். அது அவர் கணக்கு. மூன்றாம் ஆண்டில் அவருடைய சொந்த வட்டி 20,286 ரூபாய் ஆகிவிடும். உங்கள் பக்கம் அதே 1,40,000 ரூபாயில் நிற்கும், கூடாது. இப்படியே போனால் பத்து ஆண்டு முடிவில் அவரிடம் சேர்ந்த தனித் தொகை 19 லட்சத்து 34 ஆயிரத்தைத் தாண்டியிருக்கும். பதினோராம் ஆண்டில் அதன் வட்டி சுமார் 1,35,400 ரூபாய், பன்னிரண்டாம் ஆண்டில் உங்கள் பக்கத்து வட்டியை மிஞ்சிவிடும். அத்தனையும் அவர் பெயரில், அவருடைய வரி வரம்புக்குள். ஆனால் ஒரு நிபந்தனை: உங்கள் பங்கு வரியை உங்கள் சம்பளத்திலிருந்தே கட்டுங்கள். வட்டிப் பணத்தை எடுத்து வரிக்குக் கொடுத்தால் அந்தத் தொகை இப்படி வளராது.

இந்தப் பலன் கைக்கு வர வேண்டுமானால் இரண்டு பணமும் கலக்கக் கூடாது. இதைச் சரியாகச் செய்த குடும்பங்களை விட, கலந்துவிட்டு வந்து உட்கார்ந்த குடும்பங்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். வட்டியைக் கடைசியில் மொத்தமாகத் தரும் கூட்டு வட்டி டெபாசிட்டில் போட்டிருந்தால், அசலின் வட்டியும் வட்டியின் வட்டியும் ஒரே எண்ணாகச் சான்றிதழில் வரும். பிரித்துக் காட்டுவது உங்கள் பாடு. உங்கள் மனைவி மூன்று மாத வட்டி முறையைத் தேர்ந்தெடுத்தது நல்லதாகப் போயிற்று. அந்த வட்டி வந்து விழ மட்டும் ஒரு தனி சேமிப்புக் கணக்கைத் தொடங்கச் சொல்லுங்கள். வீட்டுச் செலவுக்கு நீங்கள் அனுப்பும் பணம் அதில் போகக் கூடாது. அந்தக் கணக்கிலிருந்து போடும் டெபாசிட்டுகள் தனி எண்ணில் இருக்கட்டும். அவற்றுக்கு அவர் 121-ஆம் படிவம் கொடுக்கலாம், அந்த வட்டி உண்மையிலேயே அவருடையது. முதல் 20 லட்சம் போன நாளின் வங்கிப் பரிமாற்றத்தோடு, அன்பளிப்பாகக் கொடுத்தேன் என்று நீங்கள் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதத்தையும் சேர்த்து வையுங்கள்.

சுற்றுவழிகளை நம்ப வேண்டாம். டெபாசிட்டை முறித்து நகையோ மியூச்சுவல் ஃபண்டோ வாங்கினாலும், பணம் வடிவம் மாறியதே தவிர விதி மாறவில்லை. விற்றால் வரும் லாபமும் உங்கள் பக்கம்தான். உங்கள் பெற்றோர் வழியாகச் சுற்றிக் கொடுத்தாலும், சட்டத்தில் ‘நேரடியாகவோ மறைமுகமாகவோ’ என்றே எழுதியிருக்கிறது. மாமனார், மாமியார் சொந்தப் பணத்தை மருமகளுக்குக் கொடுத்தால், அதன் வருமானம் கொடுத்தவர் கணக்கில் சேரும். அவருடைய பிறந்த வீட்டார் தங்கள் பணத்தைக் கொடுத்தால் மட்டும் இந்தச் சிக்கல் இல்லை. மனைவிக்கு வட்டிக்குக் கடன் கொடுப்பதாக எழுதிக்கொள்ளலாமா என்றும் கேட்பார்கள். உண்மையான வட்டி வாங்கினால் சரி, ஆனால் அந்த வட்டிக்கு நீங்கள் வரி கட்டுவீர்கள். 7% டெபாசிட்டுக்கு அதில் லாபமில்லை.

புதிதாகக் கொடுக்கும் பணத்துக்கு நான் முதலில் சொல்வது மனைவி பெயரில் ஒரு பிபிஎஃப் கணக்கு. ஆண்டுக்கு 1,50,000 ரூபாய் வரை போடலாம். அதன் வட்டிக்கு இரண்டு வரி முறையிலும் வரி கிடையாது என்பதால், உங்கள் வருமானத்தில் சேர்த்தாலும் வரி வராது. 15 ஆண்டு பூட்டிக்கிடக்கும் பணம் அது என்பதை யோசித்துக்கொண்டு போடுங்கள். இப்போதைய டெபாசிட்டை முறிக்கத் தேவையில்லை. இந்த வாரமே மனைவியை வங்கிக்கு அழைத்துப் போய், இந்த ஆண்டும் உறுதிமொழி கொடுத்திருந்தால் அதைத் திரும்பப் பெறும் கடிதத்தையும் டிடிஎஸ் கடிதத்தையும் கொடுத்துவிட்டு, வட்டிக்கான தனிக் கணக்கையும் தொடங்கிவிட்டு வாருங்கள்.