ஒன்பது பக்க மாதிரி

அன்புள்ள அக்கா, கிளிநொச்சியில் இருந்துகொண்டு ஆங்கிலம்–தமிழ் மொழிபெயர்ப்புச் செய்யத் தொடங்கியிருக்கிறேன். கொழும்பு நிறுவனம் ஒன்று, பயிற்சிக் கையேட்டின் 31 முதல் 39 வரையான பக்கங்களை "மாதிரியாக" இலவசமாகச் செய்து திங்கட்கிழமைக்குள் தரச்சொல்கிறது. ஒப்பந்தம் பிறகாம். மறுத்தால் வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

தங்கச்சி,

திறமையைப் பார்க்க ஒன்றிரண்டு பந்தி போதும். ஒன்பது பக்கம் என்றால் இரண்டாயிரம் சொல்லுக்கு மேல் வரும். ஒரு முழுநாள் உழைப்பு. நடுவிலிருந்து தொடங்கும் பக்கங்களும் கறாரான தவணையும் சேர்ந்து வந்தால் நான் யோசிப்பேன். வவுனியாவிலோ முல்லைத்தீவிலோ மொழிபெயர்க்கும் தோழிகளிடம் கேட்டுப்பார். அவர்களில் ஒருத்திக்கு 40 முதல் 48 வரை போயிருந்தால், கையேடு முழுவதும் மாதிரிகளாலேயே முடிகிறது என்று அர்த்தம்.

எனக்கு அப்படி நடந்தது. இரவிரவாக எட்டுப் பக்கம் செய்து அனுப்பினேன், பதிலே இல்லை. சில மாதம் கழித்து ஒரு கூட்டத்தில் கையில் தந்த புத்தகத்தில், நான் தேடித்தேடி வைத்த "கிணற்றடிக் குழு" என்ற சொல் அப்படியே இருந்தது. அந்த வலி இன்னும் போகவில்லை. அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

நீ சண்டை பிடிக்க வேண்டாம். இப்படி எழுது:

"அனுப்பிய பக்கங்களில் நீங்கள் காட்டும் ஒரு பந்தியை, 250 சொல் வரை, இலவசமாகச் செய்து தருகிறேன். முழுப் பகுதியும் தேவையென்றால் என் வழமையான சொல் விலைக்குச் செய்யலாம். பாதி முற்பணம். முழுத் தொகையும் கிடைத்த பிறகுதான் மொழிபெயர்ப்பைப் பயன்படுத்தலாம்."

கடைசி வரியை விட்டுவிடாதே. உண்மையாக ஆள் தேடுபவர் பந்தியைக் காட்டுவார், அல்லது விலை கேட்பார். "மற்றவர்கள் சும்மா செய்து தருகிறார்கள்" என்று பதில் வந்தால், ஒப்பந்தம் வந்த பிறகும் காசுக்கு அலைய வேண்டியிருக்கும். அந்த வேலை போனால் போகட்டும்.

ஆனால் அவர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு: புதிதாக வந்த உன் தமிழை அவர்கள் எதை வைத்து மதிப்பிடுவது? அதற்கு நீயே மாதிரி தயாரித்து வை. டெங்கு பற்றிய துண்டுப்பிரசுரத்தில் ஒரு பக்கம், விவசாய ஆலோசனையில் ஒரு பக்கம் என்று எல்லோருக்கும் கிடைக்கும் ஆங்கில மூலங்களை எடு. மூலம் இடப்பக்கம், உன் தமிழ் வலப்பக்கம். யார் மாதிரி கேட்டாலும் முதலில் அதை அனுப்பு.

ஊர் மாதர் சங்கம் கேட்டால் அது வேறு கதை. அது உதவி, மனமிருந்தால் முழுவதையும் செய்து கொடு.

சரி, திங்கள் வரை வைத்திருக்காமல் இன்றைக்கே பதில் போடு. நாள் நெருங்க நெருங்க அவர்களின் அவசரம் உன் தலையில் ஏறிவிடும்.