டீசல் நீர்மூழ்கி, அணு நீர்மூழ்கி: ஃபாக்லாந்து போரை வைத்துச் சில பதில்கள்

கல்லூரி மாணவி: அணு நீர்மூழ்கி வந்த பிறகும் டீசல் நீர்மூழ்கி எதற்கு? பழைய காலத்து மிச்சம்தானே?

இரண்டு வகையும் ஒரே கடலில் வேலை செய்த போர் ஒன்று உண்டு: தென் அட்லாண்டிக்கின் ஃபாக்லாந்து தீவுகளுக்காக பிரிட்டனும் அர்ஜென்டினாவும் 1982-ல் மோதிய போர். பிரிட்டனின் அணு நீர்மூழ்கி கான்கரர் ஏப்ரல் தொடக்கத்தில் ஸ்காட்லாந்திலிருந்து கிளம்பி, இரண்டே வாரத்தில் தென் அட்லாண்டிக்கில் நின்றது. அடுத்து அர்ஜென்டினாவின் ஜெனரல் பெல்கிரானோ போர்க்கப்பலை ஒரு நாளுக்கும் மேலாக, அதற்குத் தெரியாமலே பின்தொடர்ந்து, மே 2 அன்று மூழ்கடித்தது. அதன் பிறகு அர்ஜென்டினாவின் பெரிய கப்பல்கள் கரையோர ஆழமற்ற நீரை விட்டு வெளியே வரவில்லை.

பிரிட்டன் அனுப்பிய ஒரே டீசல் நீர்மூழ்கி ஆனிக்ஸ். அது போய்ச் சேரவே ஏறத்தாழ ஒரு மாதம் பிடித்தது. ஆனால் சேர்ந்ததும் கிடைத்த வேலையைப் பாருங்கள்: இருட்டில் கரையை நெருங்கி கமாண்டோக்களை இறக்குவது. கான்கரர் அதைவிட இரண்டு மடங்கு பெரியது, ஆழமற்ற நீரில் அதை நுழைக்க எந்தக் கேப்டனும் விரும்ப மாட்டார்.

வணிகக் கப்பல் எஞ்சினியர்: எங்கள் கப்பல் டீசலில் வாரக்கணக்கில் மணிக்கு 18 கடல் மைல், அதாவது 18 நாட் வேகத்தில் போகிறது. நீர்மூழ்கி மட்டும் ஏன் ஊர்கிறது?

உங்கள் எஞ்சினுக்கு மேலே காற்று இருக்கிறது சார். நீருக்கடியில் டீசல் எஞ்சின் ஓடாது. பேட்டரிதான் மோட்டாரைச் சுழற்றுகிறது. வேகம் இரட்டித்தால் தேவைப்படும் சக்தி ஏறக்குறைய எட்டு மடங்காகும் என்பது உங்களுக்கே தெரியும். 5 நாட் வேகத்திலிருந்து 20 நாட் வேகத்துக்குப் போனால் 64 மடங்கு. 5 நாட் வேகத்தில் ஒரு பேட்டரி 80 மணி நேரம் தாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம், அது 400 கடல் மைல். அதே பேட்டரியை 20 நாட் வேகத்தில் ஓட்டினால் ஒரு மணி நேரம், கூடினால் இரண்டு. இருபதோ நாற்பதோ மைல் போனதும் காலி. ஓடும் போர்க்கப்பலைத் துரத்துவது டீசலுக்கு முடியாத காரியம். வரும் வழியில் காத்திருப்பதுதான் அதன் போர்முறை.

ஒரு வாசகர்: அணு உலையில் எதுவும் எரிவதில்லை, அதனால் சத்தமும் கிடையாது என்று படித்தேன். சரிதானே?

பாதி சரி. உலை சத்தம் போடாது, ஆனால் அதைச் சுற்றியுள்ளவை போடும். குளிர்நீர் பம்புகள், நீராவி டர்பைன்கள், பெரும்பாலான கப்பல்களில் டர்பைனின் சுழற்சி வேகத்தைக் குறைக்கும் பல்சக்கரங்கள். உலையை நிறுத்தினாலும் வெப்பம் உடனே அடங்காது, குளிர்விப்பு தொடர வேண்டும். புதிய வடிவமைப்புகள் குறைந்த வேகத்தில் பம்பே இல்லாமல் நீரைச் சுழல விடுகின்றன, டீசலோடு இருந்த சத்த வித்தியாசம் வெகுவாகக் குறைந்துவிட்டது.

பேட்டரியில் இருக்கும் டீசல் நீர்மூழ்கியோ எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கடலடியில் படுத்துவிடலாம். ஃபாக்லாந்தில் அர்ஜென்டினாவின் சான் லூயிஸ் அப்படித்தான் தப்பியது. அதன் டீசல் எஞ்சின்களில் ஒன்று பழுது, டார்பிடோவைக் குறிபார்க்கும் கணினியும் பழுது. இருந்தும் பிரிட்டிஷ் படையால் அதைப் பிடிக்க முடியவில்லை. சந்தேகப்பட்ட எதிரொலி மீதெல்லாம் டார்பிடோக்களை வீசினார்கள். அந்த எதிரொலிகளில் பல திமிங்கிலங்களாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

முன்னாள் கடற்படைக்காரர்: சான் லூயிஸை ரொம்ப உயர்த்திப் பேசாதீர்கள். அது ஒரு கப்பலையும் மூழ்கடிக்கவில்லை. தவிர, ஸ்நார்க்கெல் போட்டால் டீசலின் மறைவெல்லாம் போச்சு.

இரண்டும் உண்மை. பேட்டரியை நிரப்பக் காற்றுக் குழாயை மேலே நீட்டியதும் எஞ்சின் சத்தம் வெகுதூரம் கேட்கும், குழாய் ராடாரில் படும். எங்கே, எப்போது நீட்டுவது என்பதில்தான் கேப்டனின் திறமை. சான் லூயிஸ் ஏவிய டார்பிடோக்கள் ஏன் தவறின என்பதில் இன்னும் ஒரே கருத்து இல்லை. வழிநடத்தும் கம்பி அறுந்தது என்பார்கள், பராமரிப்பில் கோளாறு என்பார்கள். ஆனால் ஒரு சிறிய டீசல் நீர்மூழ்கி ஒரு பெரிய படையின் கவனத்தை வாரக்கணக்கில் இழுத்துப் பிடித்தது. என் கணக்கில் அதுவே ஒரு வேலைதான்.

அதே மாணவி: வெளிக்காற்று இல்லாமலே நீருக்கடியில் இயங்கும் ஏஐபி முறை வந்துவிட்டதே, இனி அணு தேவையில்லையா?

சுவீடனின் காட்லண்ட் போன்ற நீர்மூழ்கிகள் சேமித்த ஆக்சிஜனால் ஸ்டர்லிங் எஞ்சினை ஓட்டி, இரண்டு வாரம்வரை மேலே வராமல் இருக்கும். ஆனால் ஊரும் வேகத்தில் மட்டும். மறைவு கூடுகிறது, வேகம் கூடுவதில்லை. ஜப்பான் 2020-ல் படையில் சேர்த்த ஓரியு நீர்மூழ்கியில் ஸ்டர்லிங்கை எடுத்துவிட்டு லித்தியம் பேட்டரியைக் கூட்டினார்கள். எது நல்ல வழி என்று நான் இப்போதே தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

இன்னொருவர்: அணு நீர்மூழ்கி வருடக்கணக்கில் மூழ்கியே இருக்குமா?

எரிபொருள் இருக்கும், சாப்பாடு இருக்காது. பிரிட்டனின் வார்ஸ்பைட் 1982-83-ல் 111 நாள் மேலே வராமல் இருந்தது. காற்றையும் நன்னீரையும் கடல்நீரிலிருந்தே தயாரித்துக்கொள்ளலாம், அரிசியையும் மாவையும் முடியாதே.